ரத்தபேதிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாமா, கூடாதா?

"டாக்டர் அண்ணா, நாங்கள் ரங்கூன் தாம்வேயில் இருக்கிறோம். இரண்டரை வயசு மகனுக்கு முந்தாநாள் ராத்திரி காய்ச்சல் வந்தது. நேற்றிலிருந்து சளியும் ரத்தமுமாகப் போகிறது, எடை 11 கிலோ. மருந்துக்கடையில் ஃபிளாஜில் சிரப் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, ரத்தபேதிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கிட்னி போய்விடும், எதுவும் கொடுக்காதே என்கிறான். மாமியார், சூடுதான், மோர் கொடுத்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? ஆறு வயசில் மூத்த பெண்ணும் இருக்கிறாள்."

தங்கச்சி, பிள்ளையை இன்றைக்கே ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது ஷிகெல்லா கிருமியால் வரும் சீதபேதியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், ஆனால் கடையில் கொடுத்தது அதற்கான மருந்து அல்ல. உங்கள் தம்பி படித்ததும் பொய் இல்லை. அது வேறொரு கிருமியைப் பற்றியது. இந்த இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்தால் உங்கள் குழப்பம் தீரும்.

முதலில் ஃபிளாஜில். அதன் மருந்துப் பெயர் மெட்ரோனிடசோல், அமீபாவுக்கானது. பேதியில் ரத்தத்தைப் பார்த்தாலே அமீபா என்று முடிவு செய்து இதைக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றிப் போயிருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே, காய்ச்சலோடு திடீரென்று வரும் ரத்தபேதிக்கு அமீபா காரணமாக இருப்பது மிக அரிது. ஷிகெல்லாவின் மேல் மெட்ரோனிடசோல் வேலை செய்வதே இல்லை. அதைக் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருப்பது, மருந்தே இல்லாமல் காத்திருப்பதற்குச் சமம். மலப் பரிசோதனைச் சீட்டில் 'அமீபா சிஸ்ட்', அதாவது கூட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் அமீபா, என்று எழுதியிருந்தாலும் அது போதிய சாட்சி ஆகாது. நோயே உண்டாக்காத இன்னொரு அமீபா உண்டு, மைக்ராஸ்கோப்பில் அதன் சிஸ்டும் அச்சாக இதே போலத்தான் தெரியும். உயிரோடு நகரும் அமீபா, தன் வயிற்றுக்குள் சிவப்பணுக்களை விழுங்கி வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அது அமீபா பேதி. அல்லது ஷிகெல்லாவுக்கான மருந்து ஒன்றுக்கு இரண்டு கொடுத்தும் கேட்கவில்லை என்றால் அமீபாவை யோசிக்கலாம்.

இப்போது தம்பி சொன்னது. ஈ.கோலை என்ற கிருமியில் ஓ157 என்று ஒரு வகை இருக்கிறது. சரியாக வேகாத மாட்டிறைச்சி, காய்ச்சாத பால் வழியாக மேல்நாடுகளில் அதிகம் பரவுவது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இந்தக் கிருமி தொற்றிய 71 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. ஆன்டிபயாட்டிக் வாங்கிய 9 பேரில் 5 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. வாங்காத 62 பேரிலும் 5 பேருக்குத்தான் பாதித்தது. ஆய்வு சின்னதுதான், ஆனாலும் வித்தியாசம் பெரியது. ரத்தபேதிக்கு ஆன்டிபயாட்டிக் கூடாது என்ற எச்சரிக்கை உலகம் முழுக்கப் பரவ அது ஒரு முக்கியக் காரணம். தம்பி படித்தது அந்த எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும்.

சிறுநீரகத்தைக் கெடுப்பது ஷிகா நச்சு என்ற ஒரு விஷம். 1897-இல் ஜப்பானில் சீதபேதிக் கிருமியைக் கண்டுபிடித்த கியோஷி ஷிகாவின் பெயர் அது. ஈ.கோலை ஓ157-இல் இந்த விஷத்துக்கான மரபணு, கிருமிக்குள் தூங்கிக் கிடக்கும் ஒரு வைரஸோடு சேர்ந்திருக்கிறது. சில ஆன்டிபயாட்டிக்குகள் கிருமியைத் தாக்கும்போது அந்த வைரஸ் விழித்துக்கொண்டு பெருகுகிறது. கூடவே விஷமும் பெருகி, கிருமி வெடிக்கும்போது மொத்தமாக வெளியே கொட்டுகிறது. ஷிகெல்லாவில் இந்த விஷத்தை வழக்கமாகச் சுரப்பது டிஸென்டிரியே டைப் 1 என்ற ஒரே வகை. அதில் அந்த வைரஸ் உடைந்துபோன நிலையில் இருக்கிறது, அதை எழுப்ப முடியாது. அதனால் மருந்து கொடுத்தால் கிருமி சாகும், விஷம் அப்படிப் பெருகாது. பங்களாதேஷில் டைப் 1 தொற்றிய நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு, பெரும்பாலும் குழந்தைகள், பேதி தொடங்கி நான்கு நாளுக்குள் கிருமிக்குக் கேட்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் பாதிப்பது மிக மிக அரிதாக இருந்தது. ஆக விஷம் ஒன்றாக இருந்தாலும் கிருமி வேறு, விதியும் நேர் எதிர்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இன்றைக்குக் குழந்தைகளுக்கு வரும் சீதபேதியில் பெரும்பகுதி ஃபிளெக்ஸ்னரி, சொன்னை என்ற வகைகளால் வருகிறது. அவை பெரும்பாலும் இந்த விஷத்தைச் சுரப்பதில்லை. டைப் 1 இப்போது அரிது. ஆனால் 1980-களில் பர்மாவில் கொள்ளைநோயாக வந்து போன கிருமி அது, நம் பெரியவர்களில் சிலருக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். திரும்ப வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மலத்திலிருந்து கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்யாமல் உங்கள் பிள்ளைக்கு எந்தக் கிருமி என்று எப்படி முடிவு செய்வது? நூற்றுக்கு நூறு முடியாது. ஆனால் நோய் வந்த விதமே நிறையச் சொல்லும். ஷிகெல்லாவில் காய்ச்சல் முதலில் வரும், பேதி பின்னால் வரும். உங்கள் மகனுக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. மலம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு கரண்டி அளவு, சளியும் ரத்தமுமாகப் போகும். ஒரு நாளில் இருபது தடவை கூடப் போகலாம். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், முக்கி முக்கி அழுவான். ஓ157-இல் முதல் இரண்டு மூன்று நாள் வெறும் தண்ணீராகப் போகும், வயிற்றுவலி உயிரை வாங்கும், பிறகு சளி இல்லாமல் ரத்தமே நிறையக் கொட்டும். காய்ச்சல் இருக்காது, இருந்தாலும் லேசாகத்தான். நம் பக்கத்தில் ஓ157 மிகக் குறைவு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் நம்மைப் போன்ற நாடுகளுக்கு, ரத்தபேதி உள்ள குழந்தையை ஷிகெல்லா என்று எடுத்துக்கொண்டு ஆன்டிபயாட்டிக் கொடுங்கள், கல்ச்சருக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்கிறது.

வசதி இருந்தால் கல்ச்சருக்குக் கொடுப்பது நல்லதுதான். முதல் டோஸ் மருந்துக்கு முன்னால் எடுத்த புது மலம் வேண்டும். ஷிகெல்லா வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும். காலையில் டப்பாவில் பிடித்து மதியம் லேபுக்குக் கொண்டுபோனால் கிருமி இல்லை என்று பதில் வந்துவிடலாம். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும், மருந்து அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

மருந்துக்குப் போவதற்கு முன் ஒரு முக்கியமான விலக்கு. ரத்தம் என்றாலே சீதபேதி இல்லை. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை, பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுது, நடுவில் துவண்டு போய்க் கிடந்து, வாந்தியும் எடுத்து, மலம் அதிகம் இல்லாமல் ரத்தமும் சளியும் மட்டும் வந்தால், குடலுக்குள் குடல் செருகிக்கொண்டிருக்கலாம். அது மாத்திரையால் தீராது, சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சரிசெய்ய வேண்டியது. உங்கள் மகன் அந்த வயதைச் சற்றே தாண்டியிருக்கிறான் என்பதற்காக டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் விடக் கூடாது. கெட்டியான மலத்தின் மேல் கோடு போல ரத்தம் இருந்தால் அது ஆசனவாய் வெடிப்பு. தாய்ப்பால் மட்டும் குடித்து நன்றாக வளரும் கைக்குழந்தைக்கு இழையாக ரத்தம் வந்தால் பெரும்பாலும் அது பால் ஒவ்வாமை. இந்த மூன்றுக்கும் ஆன்டிபயாட்டிக் வேலை இல்லை. ரத்தமே இல்லாத தண்ணீர்ப் பேதிக்கும் இல்லை, எத்தனை தடவை போனாலும் சரி. அதற்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் ஜிங்க்கும்தான். காலரா என்று சந்தேகம் இருந்தால் மட்டும் கதை வேறு.

இனி உங்கள் மகனுக்கு. உலக சுகாதார நிறுவனம் முதலில் சொல்லும் மருந்து சிப்ரோஃபிளாக்சசின். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மூன்று நாள். 11 கிலோவுக்கு ஒரு வேளை 165 மில்லிகிராம் வருகிறது. கடையில் கிடைப்பது 250, 500 மில்லிகிராம் மாத்திரை. பாதியாக உடைத்தால் 125 தான் ஆகும், குறைந்துபோகும். அளவைக் கண்ணால் மதித்துக் கொடுக்காமல், எப்படி உடைத்துக் கரைப்பது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இது குழந்தைகளின் மூட்டைப் பாதிக்கும் என்று சிலர் பயந்து அளவைக் குறைக்கிறார்கள், அல்லது ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். மூன்று நாள் மருந்தில் அந்த ஆபத்து மிகக் குறைவு, சீதபேதியைப் பாதியில் விடுவதில்தான் ஆபத்து அதிகம். ஆசியாவில் சிப்ரோவுக்கு அடங்காத ஷிகெல்லா பெருகிவருவதால் உங்கள் டாக்டர் அஸித்ரோமைசினில் தொடங்கலாம். பிள்ளை வாந்தி எடுத்தாலோ மிகவும் சோர்ந்திருந்தாலோ செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடலாம். இரண்டுமே சரியான வழிதான். ஆம்பிசிலினும் கோட்ரைமாக்சசோலும் இதற்குப் பல வருஷமாகவே கேட்பதில்லை. நாலிடிக்சிக் அமிலத்தை உலக சுகாதார நிறுவனமே கைவிட்டுவிட்டது. கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் கலப்பு மாத்திரைகளில் இவைதான் பலசமயம் இருக்கின்றன.

ஜிங்க்கும் கொடுக்க வேண்டும், ஆறு மாத வயதைத் தாண்டிய பிள்ளைக்குத் தினம் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. சிப்ரோவும் ஜிங்க்கும் வயிற்றில் ஒன்றாகச் சேர்ந்தால் ஒட்டிக்கொண்டு, சிப்ரோ ரத்தத்தில் ஏறாமல் வீணாகும். சிப்ரோவைக் காலை ஏழுக்கும் இரவு ஏழுக்கும் கொடுத்தால், ஜிங்க்கை மதியம் ஒரு மணிக்குக் கொடுங்கள். பாலும் மோரும் இப்படித்தான் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மாமியார் சொல்லும் மோர் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம். மருந்து கொடுக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம், அதனால் மட்டும் நோய் தீரும் என்றும் இருந்துவிட வேண்டாம். பேதியை நிறுத்தும் லோப்பராமைட் மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். குடல் அசைவு நின்றால் கிருமி உள்ளேயே தங்கிவிடும், குடல் பலூன் போல ஊதி ஓட்டை விழும் அபாயம் இருக்கிறது.

சீதபேதியில் தண்ணீர் இழப்பு பொதுவாகப் பெரிதாக இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு தடவை போன பிறகும் 100 முதல் 200 மில்லி உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். கண் குழிந்து, தாகத்தில் பறந்து குடித்தால் நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 825 மில்லி வேண்டும், அதை டாக்டர் கண் முன்னால் செய்வது நல்லது. வெறும் தண்ணீரையோ உப்பில்லாத கஞ்சித் தண்ணீரையோ மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு இறங்கும். ஷிகெல்லாவில் வலிப்பு வர ஒரு காரணம் அதுதான். மற்றவை கடும் காய்ச்சலும், சாப்பிடாமல் இருந்து ரத்தத்தில் சர்க்கரை இறங்குவதும். அதனால் பட்டினி போடாதீர்கள். கஞ்சி, முட்டை, மீன், வாழைப்பழம், எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு வேளை கொடுங்கள். இந்த நோயில் புண்ணான குடல் வழியே புரதம் கசிந்து போகும். நல்லான பிறகும் இரண்டு வாரத்துக்குத் தினம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதல் டோஸ் கொடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து 48 மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் காய்ச்சல் இறங்கி, ரத்தம் குறைந்து, போகும் தடவையும் குறைந்து, பிள்ளை சாப்பாடு கேட்க ஆரம்பித்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். சளி இன்னும் சில நாள் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். 48 மணி நேரம் கழிந்தும் அப்படியே இருந்தால், அதே மருந்தை இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று இழுக்கக் கூடாது. அந்தக் கிருமிக்கு அந்த மருந்து கேட்கவில்லை, மாற்ற வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை, எலும்பும் தோலுமாக இளைத்த குழந்தை, சமீபத்தில் தட்டம்மை கண்டு எழுந்த குழந்தை என்றால் இந்த 48 மணி நேரம் கூடக் காத்திருக்க முடியாது. அவர்களுக்குக் கிருமி ரத்தத்தில் ஏறிவிடலாம், முதல் நாளே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவர்கள். வயிறு உப்பிக் கல் மாதிரி ஆகிவிட்டால், மயங்கினால், எதைக் குடித்தாலும் வாந்தி எடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் இதே விதிதான். முக்கி முக்கி ஆசனவாய் வெளியே தள்ளிவந்தால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் ஈரத் துணியால் மெல்ல உள்ளே தள்ளினால் போய்விடும். பேதி நின்றதும் அதுவும் நிற்கும்.

கிட்னி விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அது வரும் நேரத்தில்தான் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். பேதி உச்சத்தில் இருக்கும்போது அது வருவதில்லை. பேதி குறைந்து, எல்லோரும் அப்பாடா என்று உட்காரும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வருகிறது. விஷம் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களைப் புண்ணாக்கும், அங்கே தட்டணுக்கள் படிந்து அடைக்கும், அந்த இடுக்கில் புகுந்து போகும் சிவப்பணுக்கள் கிழிந்து உடையும். வெளியே தெரிவது இதுதான்: நன்றாகிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வெளுத்துப்போவான், சுருண்டு படுப்பான், முகமும் கண் இமையும் வீங்கும், சிறுநீர் குறையும் அல்லது கறுத்த தேத்தண்ணி நிறத்தில் போகும், தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். அதனால் பேதி நின்ற பிறகும் இன்னும் ஒரு வாரம் சிறுநீரைக் கவனியுங்கள். நன்றாகக் குடித்தும் எட்டு மணி நேரம் சிறுநீரே போகவில்லை என்றால் இரவானாலும் கிளம்பிவிடுங்கள். ஹீமோகுளோபின், தட்டணு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து உடைந்த சிவப்பணுக்கள் இருக்கின்றனவா என்பது, இந்த நான்கும் போதும் கண்டுபிடிக்க. சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்படும், நேரத்தோடு வந்தால் பலர் தேறிவிடுகிறார்கள். உங்கள் மகனுக்கு இது வரும் என்று சொல்லவில்லை. வருவது அரிது, ஆனால் வந்தால் ஒரு நாள் தாமதமும் பெரிது.

மூத்த பெண்ணைப் பற்றி. இந்தக் கிருமி பத்து முதல் நூறு வரை வாயில் போனாலே நோய் வந்துவிடும், அதனால் ஒரே வீட்டில் எளிதாகத் தாவும். மகனுக்குக் கால் கழுவிவிட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் அடுத்த வேலை, முடிந்தால் அவர்கள் சமையலில் கை வைக்க வேண்டாம். துணியைத் தனியாக நனைத்துத் துவையுங்கள், குடிதண்ணீரைக் கொதிக்க வையுங்கள், கடை ஐஸ் வேண்டாம். அவளுக்கு ஒன்றும் இல்லாதபோது முன்னெச்சரிக்கை என்று மருந்து கொடுக்காதீர்கள். தண்ணீராகப் போனால் உப்புச் சர்க்கரைக் கரைசலும் ஜிங்க்கும் கொடுத்துப் பாருங்கள், மகனுக்கு வாங்கிய மருந்தில் பங்கு போடாதீர்கள். ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் எடைக்கு அளவு வேறு, அதைத் தனியாக எழுதி வாங்குங்கள்.